கணக்கு எண்ணை மாற்றுகிறவர் பணம் அனுப்பக் கூடாதா?

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலை என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் பிரிவில் இரண்டு பேர். பஞ்சு வியாபாரிகளின் பெயர், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை எஸ்ஏபி மென்பொருளில் பதிந்து பராமரிப்பது ஒருவர் வேலை. வாரம் ஒருமுறை அவர்களுக்குப் பணம் அனுப்புவது இன்னொருவர் வேலை. முதலாமவர் பதினைந்து நாள் கல்யாண லீவில் போன சமயத்தில், ‘எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது’ என்று ஒரு வியாபாரியிடமிருந்து மெயில் வருகிறது. நாமே மாற்றிவிடலாம் என்று பணம் அனுப்புபவர் FK02 திரையைத் திறக்கிறார். அனுமதி இல்லை. ஆக்சஸ் கேட்டு டிக்கெட் போடுகிறார். மறுநாள் பதில் வருகிறது: ‘ரிஜெக்டட். F110 உடன் எஸ்ஓடி முரண்.’

“பத்து வருஷமா இங்கதான் வேலை பாக்குறேன். என் மேல நம்பிக்கை இல்லையா?” என்றுதான் யாருக்கும் முதலில் கேட்கத் தோன்றும். ஆனால் அந்த மறுப்புக்கும் அவருடைய குணத்துக்கும் சம்பந்தமில்லை. எஸ்ஓடி என்பது ஒரு வேலையின் இரண்டு முனைகளை ஒரே கையில் கொடுக்காமல் பிரித்து வைக்கும் விதி. FK02 என்பது பணம் எந்தக் கணக்குக்குப் போகும் என்பதை மாற்றும் திரை. F110 பணத்தை அனுப்பும் திரை. இரண்டும் ஒருவரிடமே இருந்தால், வியாழக்கிழமை கணக்கு எண்ணை மாற்றி, வெள்ளிக்கிழமை பணம் அனுப்பி, சனிக்கிழமை பழைய எண்ணையே திரும்பப் போட்டுவிடலாம். பில் உண்மையானது, தொகையும் சரி. வியாபாரி “பணம் வரலையே” என்று கேட்கும்வரை புத்தகத்தில் ஒரு கோளாறும் தெரியாது. மாற்றிய தடம் கணினியில் பதிவாகியிருக்கும்தான். அதை யாராவது எடுத்துப் பார்க்க வேண்டுமே!

நேர்மையானவருக்கும் இந்த விதி காவல்தான். வந்த மெயில் மோசடிக்காரன் அனுப்பியதாக இருந்தால்? தனி ஆளாக மாற்றிப் பணமும் அனுப்பியவர் தலையில்தான் பழி விழும். இன்னொருவர் குறுக்கே இருந்தால், ஏற்கெனவே கையிலுள்ள பழைய போன் நம்பரில் வியாபாரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுவார்.

பிரிட்டனின் பேரிங்ஸ் வங்கி 1995-இல் கவிழ்ந்ததன் பின்னணியிலும் இதே ஓட்டை இருந்தது. அதன் சிங்கப்பூர் கிளையில் நிக் லீசன் வியாபாரமும் செய்தார், அந்த வியாபாரக் கணக்கைச் சரிபார்க்கும் பிரிவையும் அவரே நடத்தினார். நஷ்டங்களை 88888 என்ற கணக்கில் மறைத்துக்கொண்டே போனார். இரண்டு பொறுப்பும் ஒருவரிடம் இருப்பது சரியல்ல என்று 1994-லேயே உள்தணிக்கை சொல்லியிருந்தது, யாரும் பிரிக்கவில்லை. முடிவில் 82 கோடி பவுண்டுக்கும் மேல் நஷ்டம். 1762-இல் தொடங்கிய வங்கி ஒரு பவுண்டுக்கு விற்கப்பட்டது.

சரி, மேல்முறையீடு யாரிடம்? டிக்கெட்டை மூடிய ஐடி ஹெல்ப்டெஸ்க்கிடம் சண்டை போட்டுப் பயனில்லை. அவர்கள் விதியை இயக்குகிறவர்கள் மட்டுமே. விதியைத் தளர்த்தும் அதிகாரம் பொதுவாக அந்த ஆபத்துக்குப் பொறுப்பேற்பவரிடம், அதாவது இங்கே நிதித் தலைவரிடம் இருக்கும்.

முதலில் மறுப்பே தவறா என்று பார்க்க வேண்டும். இது நடப்பதுதான். அவரிடம் F110 திரை இருந்தும் பட்டியலைப் பார்க்க மட்டுமே உரிமை, பணத்தை ஓட்டும் உரிமை இல்லை என்றால், முரண் பெயரளவில்தான். திரையின் பெயரை மட்டும் பார்த்து எச்சரிக்கும் சோதனைகள் அதையும் முரணாகவே காட்டும். எந்த உரிமை குறைந்தது என்பதை, அனுமதி இல்லை என்று வந்த உடனேயே SU53 கட்டளை கொடுத்துப் பார்க்கலாம். அந்தத் திரையைப் படமெடுத்து டிக்கெட்டில் இணைத்தால் பாதிப் பேச்சு மிச்சம்.

நம் ஊழியருக்கு முரண் உண்மையானது. அப்போது ‘லீவில் போனவருக்கு இருப்பதெல்லாம் எனக்கும் வேண்டும்’ என்று எழுதினால் மறுபடியும் மறுப்புதான். கேட்பதைச் சுருக்கி இப்படி எழுதலாம்: ‘வங்கி விவரத்தை மாற்றும் உரிமை மட்டும், பதினைந்து நாளுக்கு. நான் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் கணக்கு மேலாளர் உறுதி செய்வார்.’ இதற்கு எஸ்ஏபி-யிலேயே வழி இருக்கிறது. வங்கி விவரத்தை இரட்டைக் கட்டுப்பாட்டில் வைத்துவிட்டால், வேறொருவர் FK08 திரையில் உறுதி செய்யும்வரை அந்த வியாபாரிக்குப் பணம் போகாது. மாற்றியவரே உறுதி செய்யவும் முடியாது. இன்னும் எளிய வழி, மாற்றும் வேலையை அந்தப் பதினைந்து நாளும் பணம் அனுப்பாத வேறொருவரிடம் கொடுத்துவிடுவது. நிதித் தலைவர் பெரும்பாலும் இதைத்தான் சொல்வார், அதில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை.

ஆக்சஸ் கிடைத்தால் முடிவுத் தேதியோடுதான் கிடைக்கும். பதினாறாம் நாள் அது தானாக விழுந்துவிடும். மாப்பிள்ளை லீவை நீட்டினால் புது டிக்கெட் போட வேண்டியதுதான்.