வெள்ளைப் பொடி சொல்லும் விழுக்காடு

பெயர் தெரியாத ஓர் உப்பில் சல்பேட் எத்தனை விழுக்காடு இருக்கிறது? சல்பேட்டைத் தனியே பிரித்துத் தராசில் வைக்க முடியாது. ஆனால் பேரியத்தோடு சேர்ந்தால் அது நீரில் ஏறக்குறைய கரையாத பேரியம் சல்பேட்டாக வீழ்ந்துவிடும். அந்த வீழ்படிவை நிறுத்து, அதிலிருந்து சல்பேட்டைக் கணக்கிடுவதுதான் எடையறி பகுப்பாய்வு.

0.4000 கிராம் உப்பை எடுத்துக்கொள்வோம். அதை நீரில் கரைத்து, சிறிது ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, கொதிநிலைக்கு அருகே சூடாக்க வேண்டும். கார்பனேட் போன்றவை பேரியத்தோடு சேர்ந்து வீழாமல் அமிலம் தடுக்கும். பிறகு சூடான, நீர்த்த பேரியம் குளோரைடு கரைசலைக் கலக்கிக்கொண்டே சொட்டுச் சொட்டாக விட வேண்டும். இங்கே அவசரப்பட்டால் துகள்கள் மிக நுண்ணியதாகி வடிதாளின் வழியே நழுவிவிடும். பேரியம் குளோரைடும் உள்ளே சிக்கிக்கொண்டு எடையைக் கூட்டும். வீழ்படிவைச் சூட்டிலேயே ஒரு மணி நேரம் விட்டால் சிறு படிகங்கள் கரைந்து பெரியவற்றின் மேல் படியும்.

தெளிந்த நீரில் இன்னொரு சொட்டு பேரியம் குளோரைடு விட்டுக் கலங்கவில்லை என்றால், சல்பேட் முழுதும் வீழ்ந்துவிட்டது. அதன்பின் வடிகட்டி, வெந்நீரால் கழுவ வேண்டும். கழுவிய நீர் வெள்ளி நைட்ரேட்டோடு கலங்காமல் போகும் வரை கழுவுவது தொடரும். சாம்பல் மிஞ்சாத வடிதாளோடு பொடியைக் க்ரூசிபிளில் வைத்து, முதலில் தாளைத் தீப்பற்றாமல் மெல்லக் கருக்கி, பிறகு சுமார் 800 டிகிரி செல்சியஸில் சூடாக்குவார்கள். காற்றோட்டம் போதாவிட்டால் தாளின் கரி, சல்பேட்டைச் சல்பைடாக மாற்றி எடையைக் குறைத்துவிடும். ஒரு சொட்டு கந்தக அமிலம் விட்டு மீண்டும் சூடாக்கினால் சரியாகும். டெசிகேட்டரில் ஆறவைத்து நிறுத்து, மறுபடி சூடாக்கி நிறுக்க வேண்டும். அடுத்தடுத்த இரு எடைகளும் ஒத்துப்போனால்தான் பொடி உலர்ந்ததாகக் கொள்ளலாம்.

கடைசியில் 0.5357 கிராம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பேரியம் சல்பேட்டின் மோலார் நிறை 233.39, அதில் சல்பேட்டின் பங்கு 96.06. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 0.4116. அதாவது ஒரு கிராம் பொடியில் 0.4116 கிராம் சல்பேட்.

0.5357 × 0.4116 = 0.2205 கிராம்

0.2205 ÷ 0.4000 × 100 = 55.1 விழுக்காடு

கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த 0.4116, பொடி முழுவதும் பேரியம் சல்பேட் என்று நம்பித்தான் பெருக்கப்படுகிறது. பொடியில் வெறும் 0.01 கிராம் ஈரம் மிஞ்சியிருந்தால்கூட விடை 56.2 ஆகிவிடும். மறுபடி மறுபடி நிறுப்பது அதனால்தான்.

55.1 என்பது தூய பொட்டாசியம் சல்பேட்டில் இருக்கவேண்டிய அளவு. உப்பின் பெயரும் தெரிந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் ஏறத்தாழ 81.5 பங்கு சோடியம் சல்பேட்டும் 18.5 பங்கு சமையல் உப்பும் கலந்தாலும் இதே எண்தான் வரும். பெயரைச் சொல்ல வேண்டுமானால் பொட்டாசியத்துக்குத் தனியே சோதனை செய்தாக வேண்டும்.