ஸ்லைடு எண்ணைச் சொல்லிப் பாராட்டுங்கள்

இளைய சக ஊழியரின் பிரசன்டேஷன் வரைவைப் பார்த்து "நன்று, கொஞ்சம் சரிசெய்யுங்கள்" என்று எழுதினால், எதைத் தொடுவது, எதை விடுவது என்றே அவருக்குத் தெரியாது. பாராட்டும் அவருக்கு வேலை சொல்ல வேண்டும்: "3-ஆம் ஸ்லைடில் புகார்களை மாவட்டவாரியாகப் பிரித்தது தெளிவாக இருக்கிறது, அதை மாற்ற வேண்டாம்."

திருத்தத்துக்குக் காரணமும் தேவை. "5-ஆம் ஸ்லைடில் விற்பனை 100-இலிருந்து 88 ஆகியிருக்கிறது. அச்சு 80-இல் தொடங்குவதால் இரண்டாவது பட்டை பாதிக்கும் குறைவாகத் தெரிகிறது. 12 சதவீதச் சரிவை இயக்குநர்கள் பெரும் வீழ்ச்சியாக எடுத்துக்கொள்வார்கள். அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குங்கள். 'விற்பனை நிலவரம்' என்ற தலைப்புக்குப் பதில் 'விற்பனை 12 சதவீதம் சரிந்தது' என்று எழுதுங்கள்."

எழுத்துரு, நிறம் பற்றிய சில்லறைக் குறைகளை இந்தக் குறிப்பில் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அச்சுப் பிழை அவற்றுக்கிடையே மறைந்துவிடும்.