தோலோடு தின்னலாமா?

மூன்று பழம் அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டியில் கிவி இப்போது நம் ஊர்க் கடைகளிலும் கிடைக்கிறது. வாங்கிவந்து இரண்டாக வெட்டி, கரண்டியால் சதையைச் சுரண்டித் தின்றுவிட்டுத் தோலை எறிகிறோம். அந்தத் தோலைத் தின்றால் உடம்புக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டால், பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. நஞ்சு எதுவும் அதில் இல்லை. கிவியை உலகச் சந்தைக்குக் கொண்டுபோன நியூஸிலாந்தில் ஆப்பிளைப் போல அதை அப்படியே கடித்துத் தின்பவர்கள் உண்டு.

நம்மைத் தயங்க வைப்பது அந்தச் சுனைதான். பச்சைச் சதை உள்ள கிவியின் மேல் பழுப்பு நிறத்தில் அடர்ந்திருக்கும் அது நாக்கில் உறுத்தும். பழத்தைத் தண்ணீரில் நனைத்து, சொரசொரப்பான துணியாலோ காய்கறி கழுவும் தூரிகையாலோ அழுத்தித் தேய்த்தால் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். காம்புப் பக்கம் கட்டையாக ஒரு குமிழ் இருக்கும். அதை மட்டும் வெட்டி எறிய வேண்டும். பிறகு மெல்லிய வட்டங்களாக அரிந்தால் ஒவ்வொரு வாய்க்கும் கொஞ்சம் தோல்தான் வரும், உறுத்தலும் தெரியாது. மஞ்சள் சதை கிவிக்கு இந்த வேலையே வேண்டாம். அதன் தோல் மெல்லியது, சுனையும் கிட்டத்தட்ட இல்லை. தோலோடு தின்று பார்க்க விரும்புகிறவர்கள் அதில் தொடங்குவது நல்லது.

இதனால் என்ன கூடுகிறது? மஞ்சள் கிவியைத் தோலோடு தின்றால் நார்ச்சத்து பாதியளவு கூடுகிறது, ஃபோலேட்டும் வைட்டமின் ஈ-யும் மூன்றில் ஒரு பங்கு கூடுகின்றன என்று அதை விற்கும் நியூஸிலாந்து நிறுவனம் சொல்கிறது. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் விழுக்காட்டை விட்டுவிட்டு அளவைப் பார்க்க வேண்டும். பச்சை கிவி ஒன்றின் சதையில் சுமார் 2 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. அதிலும் பாதியளவு கூடுகிறது என்றே வைத்தால் 3 கிராம் ஆகும். நாளொன்றுக்கு நமக்கு வேண்டியது 30 கிராமுக்குக் குறையாமல். ஒரு கிராம் என்பது சிறிய லாபம், ஆனால் உண்மையான லாபம். ஃபோலேட் கதை வேறு. மூன்றில் ஒரு பங்கு என்றாலும் அது 10 மைக்ரோகிராமைச் சுற்றித்தான் வரும். வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளைக்கு 200 முதல் 300 மைக்ரோகிராம் வரை வேண்டும். ஒரு கைப்பிடி கீரையில் அதைவிட நிறைய கிடைக்கும். கிவியின் பெரிய சிறப்பான வைட்டமின் சி சதையிலேயே தாராளமாக இருப்பதால், தோலை எறிந்தவர்கள் அந்தக் கணக்கில் பெரிதாக எதையும் இழப்பதில்லை.

கிவி தின்றதும் சிலருக்கு நாக்கு குறுகுறுக்கும். அதற்கு ஒரு காரணம், பழத்துக்குள் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள். சேனைக்கிழங்கு நறுக்கும்போது கை அரிக்கிறதே, அதே படிகங்கள்தான். சதையைவிடத் தோலையும் தோலை ஒட்டிய பகுதியையும் ஒட்டி இவை மிகுதி. ஆக்ஸலேட்டால் உண்டான சிறுநீரகக் கல்லுக்கு ஒருமுறை சிகிச்சை பெற்றவர்கள், ஒரு கிராம் நாருக்காக இந்தத் தோலைத் தேட வேண்டியதில்லை. அவர்களுக்குச் சதை போதும்.

வாழைப்பழத் தோலிலும் நஞ்சில்லை. ஆனால் பழத்தை உரித்த கையோடு தோலைப் பச்சையாகக் கடித்தவர் மறுபடி கடிக்க மாட்டார். அதிலுள்ள டானின், எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டு துவர்க்கிறது. போதாததற்கு நாரும் பல்லில் சிக்கும். பழம் கனியக் கனிய நிலைமை மாறும். சதையில் மாவு சர்க்கரையாக மாறும்போது அது தோலிலிருந்து தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். தோல் மெலியும், துவர்ப்பும் குறையும். கரும்புள்ளி விழுந்த பழத்தின் தோல் மெல்லியதாக இருப்பது அதனால்தான். சமைக்கப் பழத்தோல்தான் வேண்டுமென்றால் அந்தப் பருவத்துத் தோலை எடுக்கலாம்.

சத்துக் கணக்கில் வாழைத்தோல் கிவித்தோலைவிடக் கனமானது. முழுப் பழத்தின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தோல்தான். அதில் பெரும்பகுதி தண்ணீர் என்றாலும், காய்ந்து மிஞ்சுவதில் ஏறத்தாழ பாதி நார்ச்சத்து. ஒரு நடுத்தரப் பழத்தின் தோலில் சதையில் இருக்கும் அளவுக்கு, அதாவது 3 கிராம் அளவுக்கு, நார் இருக்கும். பொட்டாசியமும் உண்டு. தோலில் செரட்டோனின் இருக்கிறது, வேகவைத்துக் குடித்தால் மனச்சோர்வு தீரும், தூக்கம் வரும் என்று பரவும் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். வாழையில் செரட்டோனின் இருப்பது உண்மை. ஆனால் சாப்பிடும் செரட்டோனின் இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது.

2020இல் இங்கிலாந்துச் சமையல் எழுத்தாளர் நைஜெல்லா லாசன் வாழைப்பழத் தோலும் காலிஃபிளவரும் சேர்ந்த குழம்பு ஒன்றைத் தொலைக்காட்சியில் செய்து காட்டியபோது அங்கே பலரும் வியந்தார்கள். வங்காளத்தில் வாழைக்காய்த் தோலை அரைத்து வதக்கிச் சோற்றோடு பிசைவது பழைய வழக்கம். யாழ்ப்பாணத்தில் அது சம்பலாகிறது. நம் வீடுகளில் துவையல், பொரியல். பழத்தோலைவிட காயின் தோல்தான் சமையலுக்கு வாகானது என்று நம் பக்கத்தில் எப்போதோ கண்டுகொண்டுவிட்டார்கள்.

துவையலுக்கு மொந்தன் காய் இரண்டு போதும். கழுவி, இரண்டு முனையையும் வெட்டி, முகடுகளில் தடித்திருக்கும் நாரைச் சீவிவிட வேண்டும். கையில் எண்ணெய் தடவிக்கொள்ளாவிட்டால் காயின் பால் பிசுபிசுத்துக் கறையாகிவிடும். தோலைப் பொடியாக நறுக்கியதும் மோர் கலந்த தண்ணீரில் போட வேண்டும். மோரின் புளிப்பு தோல் கறுப்பதைத் தடுக்கும். இரும்புக் கத்தி வேண்டாம், டானின் இரும்போடு சேர்ந்தால் இன்னும் கறுக்கும். கால் மணி நேரம் ஊறிய பிறகு, உப்பும் மஞ்சளும் போட்டு விரலால் நசுங்கும்வரை வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். துவர்ப்பில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரோடு போய்விடும். ஃபோலேட்டும் கொஞ்சம் போகும், நார் போகாது. பிறகு உளுத்தம்பருப்பு, வற்றல் மிளகாய், பெருங்காயம் வறுத்து, தோலை எண்ணெயில் சுருள வதக்கி, புளியும் ஒரு கைப்பிடி தேங்காயும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால் துவையல். அரைத்தும் நாக்கில் துவர்த்தால் தோல் சரியாக வேகவில்லை என்று பொருள்.

தோலைத் தின்கிறோம் என்றால் அதன் மேல் என்ன பட்டிருக்கிறது என்பதும் நம் கவலையாகிவிடுகிறது. தார் விடும் பருவத்தில் தெளிக்கும் மருந்து, ஏற்றுமதிப் பழத்தில் காம்பு வெட்டுக்குப் பூசும் பூஞ்சணக்கொல்லி எல்லாம் தோலில்தான் தங்குகின்றன. ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் மேலே ஒட்டியது குறையும். தோலுக்குள் ஊறியது போகாது. இந்தியாவில் கார்பைடுக் கல் வைத்துப் பழுக்க வைப்பது தடை செய்யப்பட்டிருந்தாலும் வழக்கம் அடியோடு ஒழியவில்லை. பழத்தின் நிறத்தை மட்டும் பார்த்து அதை உறுதியாகக் கண்டுபிடிக்கவும் முடியாது. அதனால் கடைப் பழத்தின் தோலை நான் சமைப்பதில்லை; கொல்லையில் விளைந்த தாரோ, மருந்தடிக்காதது என்று தெரிந்த தோட்டத்துத் தாரோ கிடைத்தால்தான்.

இரண்டு தோலையும் தொடாமல் இருக்க வேண்டியவர்களும் உண்டு. ரப்பர் கையுறை போட்டாலோ பலூன் ஊதினாலோ தோல் தடித்து அரிக்கிறவர்களில் பலருக்குக் கிவியும் வாழையும் ஒத்துக்கொள்வதில்லை. ரப்பர் பாலில் உள்ள புரதங்களைப் போன்றவை இந்தப் பழங்களிலும் இருக்கின்றன. நாக்கு லேசாகக் குறுகுறுத்துச் சில நிமிடத்தில் அடங்கினால் அது படிகத்தின் வேலையாக இருக்கலாம். உதடு வீங்கினாலோ, உடம்பில் தடிப்பு எழுந்தாலோ, தொண்டை இறுகினாலோ, மூச்சு இழுத்தாலோ அது ஒவ்வாமை. சிறிய அளவுதானே என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு, மருத்துவர் சோதித்துச் சொல்லும்வரை தோல் மட்டுமல்ல, அந்தப் பழமே வேண்டாம்.