சோதனைச் செய்தி எதைச் சோதிக்கிறது?

மேடையில் ஒலிபெருக்கியைப் பொருத்தியவர் முதலில் “ஹலோ, ஹலோ” என்பார். தட்டச்சு இயந்திரத்தின் முன் அமர்ந்தவர் இடக்கை விரல்களால் asdf என்று தட்டிப் பார்ப்பார். எழுத்துக்கள் சரியாக விழுந்தால் இயந்திரம் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடலாமா? மாணவர்களே, இதற்கு விடை சொல்ல டெலிபிரிண்டரைப் பார்ப்போம். செய்திகளைத் தொலைவிலிருந்து கம்பி வழியே பெற்று அச்சடித்துத் தந்த கருவி இது. 1970களில் பத்திரிகை அலுவலகங்களில் இரவும் பகலும் இயங்கியது.

ஒரு விசையைத் தட்டினால் கம்பியில் ஐந்து துடிப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். மின்னோட்டம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒவ்வொரு துடிப்புக்கும் 1/50 விநாடி. (தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் துடிப்புகள் தனி.) மறுமுனையில் ஐந்து நெம்புகோல்கள் ஆளுக்கொரு துடிப்பை ஏற்று, எந்த எழுத்து என்று தேர்ந்தெடுக்கும். சில எழுத்துக்களின் குறியீடுகள் இதோ:

```
A 11000    R 01010
S 10100    Y 10101
D 10010    J 11010
F 10110    Z 10001
```

இப்போது முதல் நெம்புகோல் 1 என்ற நிலையிலேயே சிக்கிக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். அனுப்புபவர் ASDF என்று தட்டுகிறார். மறுமுனையில் ASDF என்றே அச்சாகிறது! காரணம் என்ன? அந்த நான்கு எழுத்துக்களுமே 1இல்தான் தொடங்குகின்றன. பழுது வெளிப்பட வாய்ப்பே இல்லை. அதேபோல் நான்கும் 0இல் முடிகின்றன. ஆகவே ஐந்தாம் நெம்புகோல் 0இல் சிக்கியிருந்தாலும் ASDF பிழையின்றியே வரும்.

டெலிபிரிண்டர் ஆபரேட்டர்கள் இதை அறிந்திருந்தனர். அவர்கள் அனுப்பிய சோதனைச் செய்தி RYRYRY. குறியீடுகளைப் பாருங்கள். R-இல் 0 உள்ள இடங்களிலெல்லாம் Y-இல் 1 இருக்கிறது; 1 உள்ள இடங்களில் 0 இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு நெம்புகோலும் இரு நிலைகளுக்கும் மாறியே தீரவேண்டும். முதல் நெம்புகோல் 1இல் சிக்கியிருந்தால் 01010 என்பது 11010 ஆகிவிடும். R வரவேண்டிய இடத்தில் J வரும். தாளில் JYJYJY என்று கண்டதுமே எந்த நெம்புகோலில் கோளாறு என்று சொல்லிவிடலாம். ஐந்தாவது 0இல் சிக்கியிருந்தால் Y-க்குப் பதில் S வரும். RSRSRS என்று அச்சாகும்.

ஆனால் RYRY சரியாக வந்தாலும் மற்ற எழுத்துக்களின் அச்சு தேய்ந்தோ உடைந்தோ இருக்கலாம் அல்லவா? அதற்காக வேறொரு வரியையும் அனுப்பினார்கள்:

```
THE QUICK BROWN FOX JUMPS OVER THE LAZY DOG
```

இதில் ஆங்கில எழுத்துக்கள் இருபத்தாறும் உள்ளன. முதல் செய்தி நெம்புகோல்களையும், இரண்டாவது அச்செழுத்துக்களையும் சோதித்தன. எந்தப் பழுதைத் தேடுகிறோமோ, அது இருந்தால் உருமாறி வரக்கூடிய செய்தியே உண்மையான சோதனை.

உங்களுக்கு ஒரு கணக்கு: மூன்றாம் நெம்புகோல் 0இல் சிக்கிவிட்டது. RYRYRY எப்படி அச்சாகும்? அதே பழுதை ASDF காட்டுமா? மேலே உள்ள குறியீடுகளைக் கொண்டு முதல் விடையை முழுமையாகக் கண்டுபிடிக்கலாம். இரண்டாவதற்கு S, F இரண்டையும் கூர்ந்து பாருங்கள்.