பில் போடும் பெண்ணைத் திட்டினால் கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்?

மளிகைக் கடையில் வாக்குவாதம் கிளம்ப முன்பெல்லாம் எடை, சில்லறை, பழைய சரக்கு என்று சில காரணங்கள்தான் இருந்தன. இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. வாடிக்கையாளர் போனில் ஸ்கேன் செய்து பணம் அனுப்புகிறார். அவர் கணக்கில் பணம் குறைந்துவிட்டது. கடையின் சவுண்ட் பாக்ஸோ வாய் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் சொல்வது உண்மை. ஆனால் எதிரில் இருப்பவர் தன்னை ஏமாற்றப் பார்க்கிறார் என்று இருவருக்குமே தோன்றுகிறது. சின்னக் கடையில் ஒரு சாதாரணப் பேச்சு வசவாக மாறுவதையும், அதிலிருந்து ஊழியரைக் காப்பதையும் புரிந்துகொள்ள இந்த ஒரு சிக்கலே போதும்.

ஓர் ஊரில் பேருந்து நிலையம் பக்கத்தில் மளிகைக் கடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கடையில் மூன்று பேர்: கடைக்காரர், பில் போடும் இளம்பெண், சரக்கு எடுத்துக் கொடுக்கும் பையன். இரவு ஏழு மணி, கூட்டம் நிற்கிறது. 45 வயது மதிக்கத்தக்க ஒருவர் 480 ரூபாய்க்குச் சாமான் வாங்கி, ஸ்கேன் செய்துவிட்டுப் பையை எடுக்கிறார். கடைப் போனுக்குப் பணம் வரவில்லை.

அந்தப் பெண் சொல்லும் முதல் வாக்கியத்திலேயே பாதி விஷயம் முடிவாகிவிடும். “பணம் வரல, மறுபடி போடுங்க” என்றால் அவர் காதில் ‘நீ போடவே இல்லை’ என்று விழும். “எங்க போன்ல இன்னும் காட்டலண்ணா, உங்க போன்ல என்ன வந்திருக்குன்னு பார்ப்போமா?” என்றால் இருவரும் சேர்ந்து ஒரே திரையைப் பார்க்கிறார்கள். பணம் போய்விட்டதாக அதில் வந்திருந்தால், கூடவே 12 இலக்க எண் ஒன்றும் இருக்கும். அதைக் கடை நோட்டில் எழுதிக்கொண்டு, கடைப் போனின் வரவுப் பட்டியலில் தேட வேண்டும். சவுண்ட் பாக்ஸை மட்டும் நம்பக்கூடாது. சிக்னல் இல்லாவிட்டால் வந்த பணத்தையும் அது சொல்லாது. திரையில் ‘Pending’ அல்லது ‘Processing’ என்றிருந்தால் இன்னும் முடிவு தெரியவில்லை என்று பொருள். இரண்டாம் முறை போடச் சொல்லி வற்புறுத்துவதுதான் அப்போது நெருப்பை மூட்டும்.

ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட விதிப்படி, கணக்கில் கழிந்து கடைக்கு வந்து சேராத பணம் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் வங்கி இழப்பீடு தர வேண்டும். இதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துக் கல்லா அருகே ஒட்டி வைப்பது நல்லது. அந்தப் பெண் தன் வாயால் சொல்வதைவிடச் சுவரில் இருப்பதைக் காட்டுவது எளிது. கேட்பவருக்கும் தோற்றுப்போன உணர்வு வராது.

ஆனால் பல கடைகளில் அந்தப் பெண்ணால் இவ்வளவு இதமாகப் பேச முடிவதில்லை. காரணம் அவளுடைய குணம் இல்லை. வராத 480 ரூபாய் தன் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்ற பயம் இருக்கும்போது, யாருக்கும் குரல் கறாராகத்தான் வரும். ஊழியரைக் காக்கும் வேலை இங்கேயே தொடங்குகிறது. ‘இந்த மாதிரிச் சிக்கலில் போகும் பணம் கடையின் நஷ்டம், உன் சம்பளத்தில் கை வைக்க மாட்டேன்’ என்று கடைக்காரர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். கூடவே ஓர் எல்லையும் தர வேண்டும்: தெரிந்த முகமாக இருந்தால் 500 ரூபாய் வரை எண்ணைக் குறித்துக்கொண்டு சரக்கைக் கொடுத்தனுப்பலாம், அதற்கு மேல் போனால் என்னைக் கூப்பிடு. தானே முடிவெடுக்க வழியிருப்பவர் முறுக்கிக்கொண்டு நிற்க மாட்டார்.

இத்தனைக்குப் பிறகும் அந்த மனிதர் குரலை உயர்த்துகிறார். “நான் என்ன திருடனா? பணம் போயிடுச்சுன்னு கண்ணுக்கு முன்னாடி காட்டறேன்ல?” இது கோபம். பேச்சு இன்னும் பணத்தைப் பற்றித்தான் இருக்கிறது. இதைக் கேட்டுக்கொள்ளலாம், கேட்கவும் வேண்டும். அடுத்து வருவது வேறு: “ஏய், உன்னையெல்லாம் யாரு கல்லாவுல உட்கார வெச்சது?” அதன் பின்னே ஒரு கெட்ட வார்த்தை. பேச்சு பணத்தை விட்டு ஆள்மேல் தாவிவிட்டது. கடையில் எல்லோரும் அடையாளம் கண்டுகொள்ள வேண்டிய கோடு இதுதான். சத்தம் எவ்வளவு என்பது முக்கியமில்லை. மெதுவான குரலிலும் ஒருவரை அசிங்கமாகப் பேச முடியும்.

கோடு தாண்டியதும் அந்தப் பெண் பதில் சொல்வதை நிறுத்திவிட வேண்டும். திட்டு வாங்கியவரே பொறுமையும் காக்க வேண்டும் என்று கேட்பது அநியாயம்; அது நடைமுறையிலும் பலிக்காது. படபடப்பில் கை நடுங்கும், குரல் உடையும், அல்லது பதிலுக்கு ஒரு சொல் வந்து விழும். ஆகவே ஆள் மாற வேண்டும். “அண்ணாச்சி, பழைய பில் நோட்டு வேணும்” என்பது போல ஒரு சாதாரண வாக்கியத்தை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். அதைக் கேட்டதும் கடைக்காரர் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வருவார். அவள் உள்ளே போய்விடுவாள். ஏன் போனாய் என்று பிறகு கேட்கக்கூடாது. ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த முறை அவள் கூப்பிடவே மாட்டாள்.

வந்து நிற்கும் கடைக்காரருக்கு ஒரு வசதி உண்டு. வசவு அவர்மேல் விழவில்லை. அதனால் அவரால் நிதானமாக இருக்க முடியும். பேசுவதற்கு முன் ஒரு மூச்சை மெதுவாக வெளியே விட்டால் குரல் தானாகத் தணியும். நடுவில் மேசை இருக்கட்டும். கைகள் கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். விரலை நீட்ட வேண்டாம். மேசைமேல் கிடக்கும் எடைக்கல், கத்தி போன்றவற்றைப் பையன் சந்தடியில்லாமல் எடுத்து உள்ளே வைத்துவிடலாம். “கத்தாதீங்க”, “முதல்ல அமைதியா இருங்க” என்பவை உதவாது. கோபத்தில் இருப்பவருக்கு அவை அதட்டலாகவே கேட்கும். “480 ரூபா போயிருக்கு, சாமானும் கைக்கு வரல. கோவம் வரத்தான் செய்யும். இதை நான் பார்த்து முடிச்சுத் தர்றேன், சார். இப்படிக் கொஞ்சம் வாங்க” என்று கடையின் ஓரமாக அழைக்கலாம். பத்துப் பேர் பார்க்க நிற்பவருக்கு இறங்கி வருவது கௌரவப் பிரச்சினை. ஓரமாக வந்தால் இறங்குவது சுலபம். ஆனால் மற்றவர்கள் கண்ணுக்கு மறைவான இடத்துக்குப் போகக்கூடாது.

அதே மூச்சில் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். “பணத்தைப் பத்தி எவ்வளவு வேணும்னாலும் பேசுவோம். அந்தப் பொண்ணைப் பேசாதீங்க.” மீண்டும் பேசினால் இன்னொரு முறை, அதே குரலில், அதே வார்த்தைகள். மூன்றாவது முறைக்குப் பேச்சில்லை: “இன்னிக்கு இங்க வியாபாரம் வேண்டாம், கிளம்புங்க. இல்லேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்.” சொன்னபின் செய்ய வேண்டும்; சொல்லிவிட்டுச் செய்யாத கடையில் அடுத்த வாரமும் இதே நடக்கும்.

இந்த இடத்தில் பல கடைக்காரர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்குத் தாங்க முடியாதது. வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த அவர் எதிரிலேயே அந்தப் பெண்ணைப் பார்த்து, “ஏம்மா, ஒழுங்காப் பேசத் தெரியாதா?” என்பார்கள். சண்டை அப்போதைக்கு அடங்கும், உண்மைதான். ஆனால் திட்டினால் காரியம் நடக்கும் என்று நின்றவர் அத்தனை பேருக்கும் பாடம் எடுத்தாயிற்று. அவள் பக்கம் தவறே இருந்தாலும் அதைக் கடை சாத்திய பிறகு தனியாகப் பேசலாம்.

கடைப் பையனுக்கும் ஒன்று சொல்லி வைக்க வேண்டும். அக்காவைத் திட்டிவிட்டார் என்று சட்டையைப் பிடிக்கக்கூடாது. அவன் வேலை மற்றவர்களுக்குச் சரக்கு கொடுத்துக் கூட்டத்தைக் கலைப்பது. வந்தவரின் போனைப் பிடுங்குவது, ஷட்டரை இறக்கி உள்ளே நிறுத்துவது எல்லாம் கடைமேலேயே வழக்காகத் திரும்பும். கோபத்தில் இருப்பவருக்கு வெளியே போகும் வழி எப்போதும் திறந்திருக்க வேண்டும். அவர் மேசையைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தாலோ கையை ஓங்கினாலோ பேச்சு முடிந்தது: சரக்கையும் கல்லாவையும் விட்டுவிட்டு விலகி, 112 அழைக்க வேண்டும்.

சட்டம் எந்த அளவுக்குத் துணை வரும்? மரியாதையில்லாத பேச்செல்லாம் குற்றம் ஆகாது. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில், பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுவதற்குப் பிரிவு 296, மிரட்டலுக்கு 351, பெண்ணின் மானத்தை இழிவுபடுத்தும் சொல்லுக்கும் சைகைக்கும் 79 ஆகியவை உள்ளன. பட்டியல் சாதி, பழங்குடியினரைப் பலர் காதுபடச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். பாலியல் சீண்டலாக இருந்தால் 2013ஆம் ஆண்டுச் சட்டம் கடைக்காரருக்கே பொறுப்பு வைக்கிறது: வேலையிடத்துக்கு வந்து போகும் வெளியாட்களிடமிருந்தும் பெண் ஊழியருக்குப் பாதுகாப்புத் தர வேண்டும், அவள் புகார் கொடுக்க விரும்பினால் உதவ வேண்டும். கடையில் பத்துப் பேருக்குக் குறைவு என்பதால் இது பொருந்தாமல் போகாது. பெண்களுக்கான உதவி எண் 181.

புகார் கொடுப்பதா என்பது அவள் முடிவு. ஆனால் ஆதாரம் அதற்குக் காத்திருக்காது. கேமரா பதிவு சில நாட்களில் தானாக அழிந்து புதிது ஏறும். எத்தனை நாள் என்பது வட்டின் கொள்ளளவைப் பொறுத்தது. அன்று இரவே அந்த அரை மணி நேரப் பதிவைத் தனியாகப் பிரதி எடுக்க வேண்டும். கேமராவின் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எத்தனை நிமிடம் தள்ளி ஓடுகிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பதிவை ஊர்க் குழுக்களில் பரப்ப வேண்டாம். அவள் முகமும் அதில் இருக்கிறது. என்ன சொன்னார், யார் பக்கத்தில் நின்றார்கள் என்று கேட்ட வார்த்தைகளிலேயே எழுதி வைக்க வேண்டும். ‘அசிங்கமாகத் திட்டினார்’ என்று மட்டும் எழுதினால் எந்தப் பிரிவு என்று காவலரால் முடிவு செய்ய முடியாது. நிலையத்தில் மனுவைக் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள்.

திட்டியவர் போன பிறகு அவளை உடனே பில் போட உட்கார வைக்காதீர்கள். தண்ணீர் குடித்து, படபடப்பு அடங்கும் வரை உள்ளே உட்காரட்டும். தமிழ்நாட்டில் 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு கடை ஊழியர்களுக்கு இருக்கை தருவது கட்டாயம். அந்த நாற்காலி கடைக்குள் உண்மையிலேயே இருக்க வேண்டும். ‘நீ என்னம்மா சொன்னே?’ என்று விசாரணையில் தொடங்காமல், வீட்டுக்குப் போன் பண்ண வேண்டுமா என்று கேளுங்கள். சின்ன ஊரில் அவள் எந்தத் தெருவில் நடந்து போவாள் என்பது அந்த மனிதருக்கும் தெரிந்திருக்கலாம். அன்று இரவு யாராவது கூடப் போய் விட்டு வர வேண்டும்.

மூன்று நாள் கழித்து வங்கி பணத்தைத் திருப்பிவிட்டது, அவரே 480 ரூபாயோடு வந்து சாமான் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இது அடிக்கடி நடப்பதுதான். பலர் வெட்கத்தோடுதான் வருவார்கள். அவருக்குக் கடைக்காரரே பில் போடட்டும். மன்னிப்புக் கேட்க விரும்பினால், கேட்டுக்கொள்ள விருப்பமா என்று முதலில் அவளிடம் உள்ளே போய்க் கேட்டு வர வேண்டும். வேண்டாம் என்றால், “சொல்லிடறேன் சார்” என்பதோடு நிறுத்திக்கொண்டு சாமானைக் கொடுத்தனுப்புங்கள்.