ஒரு பலகை, இரண்டு மரப்பாச்சி: துக்க வருடத்தில் ஒரு கொலு

ஆடி மாதத்தில் மாமியார் தவறிய வீடு அது. முப்பது வருடமாக ஒன்பது படி கட்டியவர் அவர். புரட்டாசி அமாவாசை நெருங்க, பரணில் இருந்த பொம்மைப் பெட்டிகளைப் பார்த்தபடி மருமகள் நின்றாள். கட்ட மனமில்லை. அப்படியே விடவும் மனமில்லை.

இந்த விஷயத்தில் வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். துக்க வருடத்தில் கொலுவே வைக்காத குடும்பங்கள் உண்டு. விட்டுப்போகக் கூடாதென்று மரப்பாச்சியை மட்டும் வைப்பவர்களும் உண்டு. அதனால் அவள் முதலில் ஊரிலிருந்த பெரிய நாத்தனாருக்குப் போன் செய்து கேட்டாள். "அம்மாவே அவங்க மாமியார் போன வருஷம் மரப்பாச்சி மட்டும்தான் வெச்சாங்க. நீயும் அப்படியே செய்ம்மா" என்றார் அவர்.

ஒரு மனைப்பலகை, அதன்மேல் வெள்ளை வேட்டி, மரப்பாச்சி ஜோடி, மாமியார் கடைசியாக வாங்கிய மண் பொம்மை ஒன்று, பக்கத்தில் ஒரு அகல். அவ்வளவுதான். புதுப் பொம்மை வாங்கவில்லை. சீரியல் விளக்கு இல்லை. கோலம் உண்டு, காவி இல்லை.

கலசம் வைப்பதா என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். பலகையில் வைத்த பொம்மை சும்மா இருக்கும், கலசம் அப்படியல்ல. வைத்துவிட்டால் விஜயதசமி வரை தினமும் விளக்கு, நைவேத்தியம், ஆரத்தி வேண்டும். பாதியில் எடுக்க முடியாது. 'ஐந்தாம் நாள் சாயங்காலம் இதையெல்லாம் யார் செய்வார்கள்?' என்று முன்கூட்டியே கேட்டுப் பார்ப்பது நல்லது. பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் கலசம் வேண்டாம். படிகளுக்கும் இதே கேள்விதான். உற்சாகத்தில் ஐந்து படி கட்டிவிட்டு மூன்றாம் நாளே விளக்கேற்ற ஆளில்லாமல் போனால், அந்தக் கூடம் வருத்தத்தைக் கூட்டவே செய்யும்.

வெற்றிலை பாக்குக்கு அவள் யாரையும் அழைக்கவில்லை. தானாக வந்த இரண்டு பேரை உட்கார வைத்துப் பேசினாள், பாடச் சொல்லவில்லை. சுண்டலும் தினமும் இல்லை. வெள்ளிக்கிழமை மட்டும் நூறு கிராம் கொண்டைக்கடலை, வீட்டில் இருந்த நான்கு பேருக்கு.

ஒரு வேலையை மட்டும் அவள் குறைக்கவில்லை. கொலு சிறியதென்று பெட்டிகளைத் திறக்காமல் விட்டால், பொம்மைகள் இரண்டு வருடம் காற்றுப்படாமல் கிடக்கும். காகிதக்கூழ் பொம்மைகளில் ஈரம் ஏறும், பூச்சி அரிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிரித்து, நிழலில் ஒரு மணி நேரம் வைத்து, பழைய பருத்தித் துணியில் சுற்றி, காய்ந்த வேப்பிலையோடு மறுபடி கட்டினார்கள். தசாவதார செட்டில் கூர்மத்தைச் சுற்றியிருந்த துணி மாமியாரின் பழைய புடவைத் துண்டு. அதை மாற்றாமல் அப்படியே சுற்றி வைத்தாள்.

விஜயதசமி இரவு மரப்பாச்சியைப் படுக்க வைத்தது பேத்தி. "அடுத்த வருஷம் எத்தனை படிம்மா?" என்று கேட்டாள்.

"மூணு வைப்போம். முடிஞ்சா அஞ்சு."