பெயருக்குள் மறையும் ‘இருக்கலாம்’

மதுரைச் சங்கத்தைப் பற்றி ஆய்வேடு எழுதுகிற மாணவர் யாராக இருந்தாலும் சின்னமனூர்ப் பெரிய செப்பேட்டைத் தொட்டே ஆகவேண்டும். 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட பாண்டியன் இராசசிம்மனின் 16ஆம் ஆட்சியாண்டில் வெட்டப்பட்ட கொடைச் சாசனம் அது. வடமொழிப் பகுதி கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதி வட்டெழுத்திலும் உள்ளன. முன்னோர் பெருமையை அடுக்கும் இடத்தில், பாண்டியர் தலையாலங்கானத்தில் வென்றதும், மகாபாரதத்தைத் தமிழாக்கியதும், மதுரையில் சங்கம் வைத்ததும் அடுத்தடுத்து வருகின்றன. எந்த அரசன் எதைச் செய்தான் என்று அங்கே பெயர் சொல்லப்படவில்லை.

இந்தச் செய்தி ஆய்வேட்டுக்குள் நுழையும்போது பெரும்பாலும் இப்படி ஆகிவிடுகிறது: “பாண்டியரின் சங்க நிறுவலும் மகாபாரதத் தமிழாக்கமும் தமிழ் வளர்ச்சிக்குப் பெரும் பங்காற்றின எனலாம்.”

படிக்கும்போது அடக்கமான வாக்கியமாகத்தான் தோன்றும். கடைசியில் ‘எனலாம்’ கூட இருக்கிறதே. ஆனால் அந்த ‘எனலாம்’ எதைத் தணிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பங்காற்றியதை மட்டும்தான். சங்கம் உண்மையில் வைக்கப்பட்டதா என்ற கேள்வி ‘சங்க நிறுவல்’ என்ற தொகைக்குள் போய் அடங்கிவிட்டது. நிறுவினார்கள் என்று வினையாகச் சொன்னால் யார், எப்போது, என்ன ஆதாரம் என்று படிப்பவர் கேட்பார். நிறுவல் என்று பெயராக்கிவிட்டால் அது ஏற்கெனவே ஒப்புக்கொண்ட செய்தியாக நின்றுவிடும். ‘இருக்கலாம்’ என்று சொல்ல வேண்டிய இடமே வாக்கியத்திலிருந்து காணாமல் போகிறது. ஆய்வுத் தமிழில் நான் காணும் பெரிய ஆபத்து இதுதான்.

நம் இலக்கணத்தில் இதைப் பிடித்துவிட வழி இருக்கிறது. ‘வைத்தல்’, ‘நிறுவல்’ போன்ற தொழிற்பெயர்கள் காலம் காட்டா. ‘வைத்தது’, ‘வைத்தமை’ என்னும் வடிவங்களோ இறந்தகாலத்தைத் தம்மோடு வைத்திருக்கின்றன. ‘வைத்ததாக’ என்று ஒரு படி மேலே போனால், இது இன்னொருவர் கூற்று என்பதும் தெரிந்துவிடும். “பாண்டியர் சங்கம் வைத்ததாகச் செப்பேடு கூறுகிறது” என்ற வாக்கியத்தில் கூறுவது செப்பேடு. எழுதுபவர் அதற்குப் பிணை நிற்கவில்லை. அந்த ‘-ஆக’ பார்க்கும் வேலையை எத்தனை ‘எனலாம்’ சேர்த்தாலும் செய்ய முடியாது.

இதற்காகப் பெயராக்கத்தையே விலக்கவும் வேண்டாம். ஒரு வாக்கியத்தில் வினையாகச் சொன்னதை அடுத்த வாக்கியத்தில் எழுவாயாக எடுத்து நடக்க அது தேவை. “மகாபாரதத்தைத் தமிழாக்கியதாகவும் செப்பேடு கூறுகிறது. அந்தத் தமிழாக்கம் இன்று கிடைக்கவில்லை.” இங்கே ‘தமிழாக்கம்’ முன் வாக்கியத்தைச் சுருக்கித் தருகிறது, புதிதாக எதையும் மறைத்துக் கொண்டுவரவில்லை. வினை முதலில், பெயர் பிறகு என்ற இந்த வரிசை மாறினால்தான் சிக்கல்.

தணித்துச் சொல்வதிலும் இடம் பார்க்க வேண்டும். “சின்னமனூர் தேனி மாவட்டத்தில் அமைந்துள்ளது எனலாம்” என்று எழுதுவோர் உண்டு. அதில் ஐயப்பட ஒன்றுமில்லை. இன்னொரு பக்கம், “இருந்திருக்கக்கூடும் எனக் கருத இடமுள்ளதாகத் தோன்றுகிறது” என்று நான்கு பூட்டுப் போடுகிறவர்களும் உண்டு. எழுதியவர் எந்த அளவுக்கு நம்புகிறார் என்பதே அதில் தெரியாது. ஆதாரம் முடிந்து ஊகம் தொடங்கும் இடத்தில் ஒரே ஒரு சொல் போதும்.

செப்பேட்டிலேயே அந்த இடம் மூன்று விதமாக விழுகிறது. தலையாலங்கானப் போரைச் சங்கப் பாடல்களும் பேசுகின்றன. வேறு சான்றும் இருப்பதால் “நெடுஞ்செழியன் தலையாலங்கானத்தில் வென்றான்” என்று நேராகவே எழுதலாம். 10ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் அவை தன் முன்னோர் சங்கம் வைத்ததாகச் சொல்லிக்கொண்டது என்பதிலும் தயக்கம் தேவையில்லை, செப்பேடே கண்முன் இருக்கிறது. அதிலிருந்து பல நூற்றாண்டு பின்னே தாவி, அப்படியொரு சங்கம் நடந்தது என்று சொல்லும்போதுதான் ‘இருக்கலாம்’ வேண்டும்.

முதலில் பார்த்த வாக்கியத்தை இப்போது பிரித்து எழுதினால் இப்படி வரும்: “பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததாகவும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதாகவும் சின்னமனூர்ப் பெரிய செப்பேடு கூறுகிறது. இச்செயல்களைச் செய்த அரசர்களை அது பெயர் சுட்டவில்லை. 10ஆம் நூற்றாண்டில் பாண்டியர் அவையில் சங்கம் பற்றிய மரபு வழங்கியது என்பதற்கு இது நேரடிச் சான்று. அம்மரபுக்குப் பின்னால் பழைய புலவர் அவை ஒன்று இருந்திருக்கலாம்.” ஒரு வாக்கியம் நான்காக நீண்டுவிட்டது. தமிழ் வளர்ச்சிக்குப் பங்காற்றியது என்ற பகுதியைக் காணோம். அதற்குச் செப்பேட்டில் ஆதாரம் இல்லை.